உங்கள் பெயரில் இன்னொரு ஃபேஸ்புக் கணக்கு: ஐம்பது பேர் புகார் செய்தும் ஏன் நீங்கவில்லை?

சவூதியில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ச் சகோதரர் ஒருவருக்கு, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து போன் வந்தது. பேசியவர் அடுத்த தெருத் தம்பி. "காக்கா, அவசரம்னு 8,000 கேட்டீங்களே, அனுப்பிட்டேன். கிடைச்சுதா?" என்று கேட்டார். சகோதரர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய முகப்புப் படத்தையும் பெயரையும் அப்படியே எடுத்து யாரோ புதுக் கணக்கு திறந்து, அவருடைய நண்பர்களுக்கெல்லாம் நட்பு அழைப்பு அனுப்பியிருந்தார்கள். ஏற்றுக்கொண்டவர்களிடம் ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து, பிறகு பணம் கேட்டிருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் தெரு வாட்ஸ்அப் குழுவில், "எல்லோரும் ரிப்போர்ட் பண்ணுங்க" என்று செய்தி போனது. ஐம்பது பேர் வரை புகார் செய்தார்கள். மாலையில் பலருக்கும் ஒரே பதில் வந்தது: இந்தக் கணக்கு எங்கள் விதிகளை மீறவில்லை.

இதைப் படித்து எல்லோருக்கும் கோபம். ஆனால் புகாரைப் பார்ப்பவரின் இடத்தில் இருந்து யோசித்தால் காரணம் புரியும். முதலில் பார்ப்பது பெரும்பாலும் கணினி. மனிதர் பார்த்தாலும் அவருக்கு நம் காக்காவைத் தெரியாது. எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதை வைத்து முடிவெடுப்பதில்லை என்று ஃபேஸ்புக்கே சொல்கிறது. அப்படி எடுத்தால், பிடிக்காதவர் கணக்கை ஐம்பது பேர் சேர்ந்து மூடிவிடலாம் அல்லவா? பார்க்கப்படுவது, என்ன காரணம் சொல்லிப் புகார் வந்தது என்பதுதான். நம்மவர்களில் பலர் 'ஸ்பாம்' என்றும் சிலர் 'மோசடி' என்றும் தட்டியிருந்தார்கள். அந்தக் கணக்கின் பதிவுகளில் விளம்பரமும் இல்லை, மோசடியும் இல்லை. இரண்டு குடும்பப் படங்கள்தான் இருந்தன. பணம் கேட்டதெல்லாம் தனிச்செய்தியில்.

பெயர் ஒன்றாக இருப்பதும் குற்றமாகாது. முஹம்மது இப்ராஹீம் என்ற பெயரில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்! "இந்தக் கணக்கு, அந்தக் கணக்குக்காரராக நடிக்கிறது" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வழி ஏற்படும்.

அதற்கான பாதை இதுதான். போலிக் கணக்கின் முகப்பில் மூன்று புள்ளியைத் தொட்டு Report profile என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரும் பட்டியலில், வேறொருவராக நடிப்பது என்ற பொருளில் உள்ள வரியைத் தொட வேண்டும். அதன் வாசகம் செயலியின் பதிப்புக்கேற்ப மாறும். பிறகு யாராக நடிக்கிறார்கள் என்று கேட்கும். பாதிக்கப்பட்டவர் Me என்பதையும், மற்றவர்கள் A friend என்பதைத் தொட்டு உண்மையான கணக்கையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி வரும் ஐந்து புகார், 'ஸ்பாம்' என்று போகும் ஐம்பதைவிடப் பயன் தரும்.

ஆனால் சகோதரர் தேடியபோது போலிக் கணக்கே அவர் கண்ணில் படவில்லை. உருவாக்கியவர் முதல் வேலையாக அவரை பிளாக் செய்திருந்தார். இது வழக்கமாக நடப்பதுதான். இப்போது நண்பர் ஒருவர் போலிக் கணக்கின் முகவரியை நகல் எடுத்து அனுப்ப வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. பெயரையும் படத்தையும் அவர்கள் நாளைக்கே மாற்றிவிடலாம், profile.php?id= என்பதற்குப் பின்னால் வரும் எண் மாறாது. அந்த முகவரியோடு, ஃபேஸ்புக் உதவிப் பக்கத்தில் உள்ள ஆள்மாறாட்டப் புகார்ப் படிவத்தை நிரப்பலாம். ஃபேஸ்புக்கில் கணக்கே இல்லாதவர்களும் இந்தப் படிவத்தைப் பயன்படுத்தலாம். கணக்கு வைத்துக்கொள்ளாத நம் பெண்பிள்ளைகளின் படத்தை எடுத்துக் கணக்கு திறந்திருந்தால் இதுவே வழி. இன்ஸ்டாகிராமில் பாதிக்கப்பட்டவரோ, பெற்றோர் போல அவர் சார்பில் பேசும் உரிமை உள்ளவரோ தரும் புகாரை மட்டுமே ஏற்பார்கள். அங்கே நண்பர்கள் கூட்டமாகப் புகார் செய்வது வீண்.

படிவத்தில் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதாரை அப்படியே அனுப்ப வேண்டாம். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை UIDAI தளத்தில் பதிவிறக்கலாம். பாஸ்போர்ட் என்றால் எண்ணை மறைத்துவிடலாம். பெயர், பிறந்த தேதி, முகம் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும்.

நம் சகோதரருக்குச் சிக்கல் இங்கேதான் வந்தது. அவருடைய கணக்கின் பெயர், மூத்த மகளின் பெயரோடு 'அபூ' சேர்த்தது. பாஸ்போர்ட்டில் இருப்பதோ வாப்பா வைத்த பெயர். அட்டையில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்றால், பார்ப்பவருக்கு அசலும் சந்தேகத்துக்குரியதாகவே தெரியும். முதல் முறை படிவம் திரும்பி வந்தது. இரண்டாம் முறை, அட்டையில் உள்ள முகத்தோடு ஒத்துப்போகும் தம் பழைய பதிவுப் படங்களின் முகவரியைக் கொடுத்து, 'அபூ' என்பது எங்களிடையே வழங்கும் அழைப்புப் பெயர் என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதினார். மூன்றாம் நாள் போலிக் கணக்கு நீங்கியது. பிரச்சினை வந்த பிறகு அவசரமாகப் பெயரை மாற்றினால், போலிக்கும் அசலுக்கும் பெயர் ஒத்துப்போகாமல் போய்விடும். அடுத்த 60 நாட்களுக்கு மறுபடி மாற்றவும் விடாது. அமைதியான நாளிலேயே அட்டையில் உள்ள பெயரை முதன்மைப் பெயராக வைத்து, அழைப்புப் பெயரை 'வேறு பெயர்' பகுதியில் சேர்த்துக்கொள்வது நல்லது.

நீலக் குறியைப் பார்த்து நம்பலாமா என்று சிலர் கேட்டார்கள். 2022 நவம்பரில் ட்விட்டர் அதை 8 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ குறி வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று எழுதிவிட்டார்கள். நிறுவனம் மறுப்பும் மன்னிப்பும் வெளியிட வேண்டியதாயிற்று. அன்று அந்தக் குறி சொன்னது, பணம் கட்டியவர் என்பதை மட்டுமே.

தளம் அசையவில்லை என்றால் இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பெரிய தளங்கள் இந்தியாவில் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். ஆள்மாறாட்டம் என்று பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த விதிகள் வகுத்தன. அவருடைய பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் gac.gov.in தளத்தில் மேல்முறையீடு செய்யலாம்; கட்டணம் இல்லை.

பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. முதலில் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து, பணப் பரிமாற்ற எண்ணையும் பணம் போன யுபிஐ முகவரியையும் சொல்ல வேண்டும். cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். புகார் செய்ய வேண்டியவர் பணம் அனுப்பியவர். யார் பெயரில் கேட்டார்களோ அவர் அல்ல. போலிக் கணக்கு நீங்குவதற்கு முன்பே உரையாடல் முழுவதையும் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு.

அந்தத் தம்பி 1930-க்குப் போன் செய்தது மறுநாள் காலையில்தான். அதற்குள் பணம் இரண்டு கணக்கு தாண்டிவிட்டது. புகார் எண் கையில் இருக்கிறது, 8,000 இன்னும் வரவில்லை. நம் சகோதரர் இப்போது செட்டிங்ஸில் Who can see your friends list? என்ற இடத்தில் Only me என்று மாற்றியிருக்கிறார். அவருடைய நண்பர் பட்டியலை அந்த ஆள் எடுத்தது அங்கிருந்துதான்.