டிப்ளோமாவுடன் நேராக இரண்டாம் ஆண்டு: எந்த எட்டுப் பாடங்கள் கழிகின்றன?

உள்ளூர்க் கல்லூரியில் டிப்ளோமா முடித்தவர்கள் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற விளம்பரத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். இதற்கு அடிப்படை, கல்லூரியும் பல்கலைக்கழகமும் செய்துகொள்ளும் 'ஆர்ட்டிகுலேஷன்' ஒப்பந்தம். எந்த டிப்ளோமாவுக்கு, எந்தப் பட்டப்படிப்பில், எத்தனை பாடங்கள் கழிக்கப்படும் என்பதை அது முன்கூட்டியே வரையறுக்கிறது.

அங்கே மூன்றாண்டு வணிகப் பட்டத்துக்குப் பொதுவாக 24 பாடங்கள். எட்டுப் பாடங்கள் கழிந்தால் மீதி 16. ஒரு பருவத்துக்கு நான்கு வீதம் படித்தால் இரண்டே ஆண்டுகள். கணக்கு சரிதான். ஆனால் கழிக்கப்படுவது எந்த எட்டு என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

பாட விலக்கு இரு வகை. ஒன்றில், பெயர் குறிப்பிட்ட பாடமே கழிகிறது. மற்றொன்றில், விருப்பப் பாடத்துக்குரிய இடம் மட்டுமே கழிகிறது. கட்டாயப் பாடங்கள் அப்படியே நிற்கும்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு எட்டுப் பாடங்கள் கழிந்தன. ஆனால் டிப்ளோமாவில் படித்த புள்ளியியல் போதாது என்று பல்கலைக்கழகம் கருதியது. முதலாண்டுப் புள்ளியியலை அவர் பிப்ரவரிப் பருவத்தில் படிக்க வேண்டும். அதை முடித்தால்தான் இரண்டாமாண்டு நிதிப் பாடம். அது பிப்ரவரியில் மட்டுமே நடக்கிறது. அதற்கடுத்த இறுதியாண்டுப் பாடமும் பிப்ரவரியில்தான். ஆக, மூன்றாவது பிப்ரவரியிலும் அவர் அங்கே இருந்தாக வேண்டும். நான்கு பருவங்கள் ஐந்தாகின்றன. அரையாண்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கூடுகின்றன.

கூடுதல் விலக்கும் எப்போதும் இலாபமாகாது. படித்த பின் அங்கேயே தற்காலிகமாக வேலை செய்ய விசா பெற, பதிவுபெற்ற படிப்பு குறைந்தது 92 வாரங்கள் இருக்க வேண்டும். கழிக்கப்பட்ட பாடங்கள் இதில் சேராது. மூன்றாண்டுப் படிப்பு 156 வாரங்கள் என்று பதிவாகியிருந்தால், ஓராண்டு கழிந்தபின் 104 மீதமிருக்கும். ஒன்றரை ஆண்டு கழிந்தால் 78 தான். அந்த விசா கைநழுவிவிடும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். தாங்கள் டிப்ளோமாவில் சேர்ந்த ஆண்டுக்கும் அந்தப் பாடத்திட்டத்துக்கும் ஒப்பந்தம் பொருந்துகிறதா, அது கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி என்ன என்று கல்லூரியிடம் கேட்கலாம். கழிக்கப்படும் பாடங்களின் பட்டியலையும், மீதிப் பாடங்களுக்கான பருவவாரித் திட்டத்தையும் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் பெற வேண்டும். விலக்கு முடிவை எழுத்தில் தருவது அந்நாட்டு விதிப்படி அதன் கடமை. விசாவுக்கான சேர்க்கை உறுதிச் சான்றில், குறைக்கப்பட்ட படிப்புக் காலமும் முடிவுத் தேதியும் அந்தத் திட்டத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முகவர் வாய்மொழியாகச் சொல்லும் 'இரண்டாம் ஆண்டு' இந்தத் தாள்கள் எதிலும் இல்லையென்றால், அதை நம்பிப் பணம் கட்டக்கூடாது.