ஒரு முடிவுக்கு ஒரு தாள்

கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய கூட்டங்களில் எடுக்கும் முடிவை ஒரே பக்கத்தில் எழுதி வைப்பதுதான் முடிவுத் தாள். அதில் நான்கு பகுதிகள் உண்டு: அப்போதைய நிலவரம், பரிசீலித்த வழிகள், தேர்ந்தெடுத்த வழி, மறுபடியும் பார்க்க வேண்டிய தேதி. யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று வரிசையாகச் சொல்லும் கூட்டக் குறிப்பிலிருந்து இது வேறுபட்டது. கூட்டத்தில் ஏழு விஷயங்கள் பேசப்பட்டு ஒன்றில் மட்டும் முடிவானால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு தாள் எழுதினால் போதும்.

இந்த வடிவத்தைப் பரவலாக்கியவர்கள் மென்பொருள் துறையினர். 2011-ல் மைக்கேல் நைகார்ட் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர், ஒரு நிரலின் கட்டமைப்பு பற்றிய ஒவ்வொரு முக்கிய முடிவையும் ஓரிரு பக்கத்தில் தனித்தனியாக எழுதி வைக்கலாம் என்று ஒரு கட்டுரையில் முன்வைத்தார். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு, முன்பு இருந்தவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று தெரியாது. ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு அதை அப்படியே ஏற்பார். அல்லது காரணம் புரியாமல் மாற்றிவிட்டுச் சிக்கலில் மாட்டுவார். இதைத் தவிர்ப்பதே அவர் நோக்கம். அவரது வடிவத்தில் பரிசீலித்த வழிகளுக்கென்று தனிப் பகுதி இல்லை. பின்னால் வந்த படிவங்கள் அதைச் சேர்த்தன.

கணினிக்கு வெளியேயும் இதே சிக்கல் இருக்கிறது. பதினாறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். லிஃப்டின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிகிறது. கமிட்டியைச் சேர்ந்த ஐந்து பேர் மார்ச் 18-ம் தேதி இரவு கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள்.

தாளின் முதல் பகுதியில் செயலாளர் எழுதுவது இவ்வளவுதான்: “லிஃப்ட் போட்டு எட்டு வருடம். கடந்த மூன்று வருடங்களில் உதிரிபாகங்களுக்கு ஆன செலவு ரூ.9,000, ரூ.14,000, ரூ.11,000. இரும்புக் கயிறு இன்னும் மாற்றப்படவில்லை. சங்கக் கணக்கில் பெரிய செலவுக்கு இப்போது இருப்பு இல்லை.” இங்கே கருத்துக்கு இடமில்லை. லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்று எழுதினால் ஒரு வருடம் கழித்து அதற்குப் பொருள் இருக்காது. ஆறு மாதத்தில் நான்கு முறை நின்றது என்று எழுதினால் இருக்கும்.

இரண்டாவது பகுதிதான் தாளின் உயிர். பலரும் அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான். முடிவு என்ன என்பது எப்படியும் எல்லோருக்கும் நினைவிருக்கும், பில்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எதை, ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதுதான் மறந்துபோகும். இங்கே மூன்று வழிகள் இருந்தன. லிஃப்ட் கம்பெனியின் முழு ஒப்பந்தத்தில் உதிரிபாகமும் அடக்கம், ஆண்டுக்கு ரூ.72,000. அதே கம்பெனியின் சாதா ஒப்பந்தம் ரூ.38,000, சர்வீஸ் மட்டும் அவர்கள் பொறுப்பு, உதிரிபாகத்துக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். வெளி மெக்கானிக் ஒருவர் ரூ.24,000 கேட்டார். எல்லாவற்றையும்விட மலிவான இதை விட்டதற்குத் தாளில் இரண்டு காரணங்கள்: இந்த மாடலின் கண்ட்ரோல் போர்டு கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும், இரவில் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் உடனே வர ஆள் உண்டா என்பதற்கு அவர் உறுதி தரவில்லை. இந்த வாக்கியம் இல்லாவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் யாராவது எழுந்து, “பதினாலாயிரம் ரூபாயை ஏன் கூடுதலாகக் கொடுத்தீர்கள்?” என்று கேட்பார்; பதில் தெரிந்தவர் அன்று ஊரில் இருக்க மாட்டார்.

மூன்றாவது பகுதி சுருக்கமானது. சாதா ஒப்பந்தம் தேர்வானது. இரண்டு ஒப்பந்தங்களுக்கும் வித்தியாசம் ரூ.34,000, உதிரிபாகச் செலவு எந்த வருடமும் அதன் பாதியைக்கூடத் தொடவில்லை. ஒருவர் முழு ஒப்பந்தமே பாதுகாப்பு என்று சொல்லியிருந்தால், அவர் பெயரைப் போடாமல் அந்தக் கருத்தை மட்டும் ஒரு வரியில் சேர்க்கலாம். பெயர் ஏறினால் தாள் வழக்காடும் இடமாகிவிடும்.

கடைசிப் பகுதியான தேதியில்தான் தவறு அதிகம் நடக்கிறது. ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம் என்று ஏப்ரலைக் குறித்தால், அதற்குள் ஒப்பந்தம் முடிந்துபோயிருக்கும் அல்லது பழைய விலையைவிடக் கூட்டி கம்பெனியே புதுப்பித்திருக்கும். முடிவை மாற்ற இன்னும் வழியிருக்கும் நாளைத்தான் குறிக்க வேண்டும். கொட்டேஷன் வாங்கிப் பேரம் பேச ஏழெட்டு வாரம் வேண்டும் என்றால், தேதி பிப்ரவரி 1. அன்று எதைப் பார்ப்பது என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்கும்: “உதிரிபாகச் செலவு ரூ.34,000-ஐத் தாண்டியதா? கயிறு மாற்றச் சொன்னார்களா?” இரண்டில் ஒன்று முன்கூட்டியே நடந்தால் பிப்ரவரி வரை காத்திருக்கத் தேவையில்லை என்றும் ஒரு வரி. தேதியைத் தாளில் மட்டும் எழுதினால் பயனில்லை. பொருளாளரின் கைபேசி நாட்காட்டியிலும் அது ஏற வேண்டும்.

தாளைக் கூட்டம் கலையும் முன்பே எழுதி, உரக்கப் படித்துக் காட்டிவிடுவது நல்லது. நாலு நாள் கழித்து எழுதினால், நடந்தது தெரிந்த பிறகு எழுதும் கோணல் அதில் வந்துவிடும். உளவியலாளர் பாரூக் ஃபிஷாஃப் 1975-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரே குறிப்பை அவர் பலருக்குக் கொடுத்தார். ஆனால் முடிவை மட்டும் ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறாகச் சொன்னார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அந்தந்தக் குழுவினருக்குத் தோன்றியது. லிஃப்ட் நவம்பரில் பழுதானால், சாதா ஒப்பந்தம் சரிப்படாது என்று அன்றே தெரியும் என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு அப்படித்தான் நினைவிருக்கும்.

இதே காரணத்தால் பழைய தாளைத் திருத்தக் கூடாது. பிப்ரவரியில் புதிய கமிட்டி தாளை எடுக்கிறது. உதிரிபாகச் செலவு ரூ.19,000-தான், ஆனால் கயிற்றை அடுத்த வருடத்துக்குள் மாற்றச் சொல்லிச் சர்வீஸ் அறிக்கை வந்திருக்கிறது. மூன்று வழிகளையும் அவர்கள் முதலிலிருந்து அலச வேண்டியதில்லை. முழு ஒப்பந்தத்துக்கு மாறினால் இந்தக் கயிறு அதில் அடங்குமா, அல்லது தேய்ந்த கயிறு என்று சொல்லி விலக்குவார்களா என்ற ஒரே கேள்வியைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டால் போதும். வந்த பதிலை வைத்துப் புதிய தாள் எழுதுவார்கள். பழைய தாளின் தலைப்பில் “மாற்றப்பட்டது, பார்க்க: தாள் 9” என்று மட்டும் குறித்து, இரண்டையும் ஒரே ஃபைலில் வைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் தாள் போட்டால் இரண்டே மாதத்தில் ஃபைலை யாரும் திறக்க மாட்டார்கள். மாடிப்படி பல்பை மாற்றுவதற்குத் தேவையில்லை; நாளைக்கே திருப்பிக்கொள்ளக்கூடிய எதற்கும் தேவையில்லை. ஒரு பக்கத்தைத் தாண்டினால், பெரும்பாலும் இரண்டு முடிவுகள் ஒரே தாளில் சிக்கியிருக்கும், பிரித்து எழுதலாம். பிரித்தும் அடங்கவில்லை என்றால், அது கால் மணிக் கூட்டத்தில் முடிக்கக்கூடிய விஷயமாக இருக்காது. பதிவு பெற்ற சங்கம் வைத்திருக்க வேண்டிய தீர்மானப் புத்தகத்துக்கு இந்தத் தாள் ஈடாகாது. புத்தகத்தில் தீர்மானம் ஒரு வரியில் ஏறும். பக்கத்தில் தாளின் எண்ணை எழுதிவிட்டால் காரணத்தைத் தேடுபவருக்கு வழி தெரியும்.