ஃபிளாஷ் சேலில் பணம் கட்டிய பிறகும் ஆர்டர் ரத்தாவது ஏன்? சந்தேகங்களும் விளக்கங்களும்

2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் நடத்திய ‘பிக் பில்லியன் டே’ விற்பனையில் தளம் திணறியது. பொருள் சட்டென்று தீர்ந்துவிட்டது, உறுதியான ஆர்டரும் ரத்தாகிவிட்டது என்று புகார்கள் குவிந்தன. நிறுவனர்களே வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இன்று தளங்கள் அப்படித் திணறுவது குறைவு. ஆனால் ‘ஸ்டாக் இல்லை, ஆர்டர் ரத்து’ என்ற குறுஞ்செய்தி மட்டும் ஒவ்வொரு பண்டிகை விற்பனையிலும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

சரியாக 12 மணிக்கே கார்ட்டில் போட்டுவிட்டேன். முகவரியைத் தேர்வு செய்வதற்குள் ‘தீர்ந்துவிட்டது’ என்கிறதே?

பெரும்பாலான தளங்களில் கார்ட் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த பொருட்களின் பட்டியல்தான். அதில் சேர்ப்பதால் ஸ்டாக் கணக்கில் ஒன்றுகூடக் குறையாது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதாகப் பலரும் இதை நினைக்கிறார்கள். உண்மையில் துண்டு இன்னும் உங்கள் தோளில்தான் இருக்கிறது.

வேண்டுமென்று இப்படி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கார்ட்டில் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கும் மேல் வாங்காமலே போய்விடுவார்கள். போடும்போதே பொருளை ஒதுக்கினால், 100 போன்களையும் வாங்காத 100 பேர் முடக்கிவிடலாம். அதனால் பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போகும்போதோ, ‘ஆர்டர் செய்’ என்று அழுத்தும்போதோதான் ஒதுக்கீடு நடக்கும். சில தளங்கள் சில சலுகைகளுக்கு மட்டும் கார்ட்டிலேயே 10, 15 நிமிடங்களுக்கு ஒதுக்கிவைக்கும். அப்படி இருந்தால் திரையில் நிமிடக் கணக்கு இறங்கிக்கொண்டிருக்கும். அது தெரியவில்லை என்றால் உங்களுக்காக எதுவும் ஒதுக்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிமிடக் கணக்கு ஓடும்போதே பணம் கட்டினேன். ஆர்டர் எண்ணும் வந்தது. அதற்குப் பிறகும் எப்படி ரத்தாகும்?

ரத்துச் செய்தி எப்போது வந்தது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

சில நிமிடங்களில் வந்தது என்றால் கோளாறு பணம் போய்ச் சேர்ந்த நேரத்தில் இருக்கும். 12.00 மணிக்கு 10 நிமிட ஒதுக்கீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12.08-க்கு யுபிஐ பின் எண் போடுகிறீர்கள். விற்பனை நேர நெரிசலில் வங்கியின் பதில் தளத்துக்குப் போய்ச்சேர 12.11 ஆகிவிடுகிறது. 12.10-க்கே ஒதுக்கீடு விடுபட்டு, காத்திருந்த இன்னொருவருக்குப் போயிருக்கும். உங்கள் பணம் வந்து நிற்கும்போது கொடுக்கப் பொருள் இருக்காது.

ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வந்தது என்றால் தளம் காட்டிய எண்ணிக்கையே தவறு. ஒதுக்கீடு என்பது கணினியில் இருக்கும் ஓர் எண்ணை உங்களுக்கு ஒதுக்குவதுதான்; அலமாரியில் இருக்கும் பெட்டியில் உங்கள் பெயரை யாரும் எழுதுவதில்லை. அந்த எண் எப்படித் தவறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஒரு விற்பனையாளரிடம் 40 மிக்ஸிகள் இருக்கின்றன. அதே 40-ஐ அவர் இரண்டு தளங்களில் விற்பனைக்குப் போடுகிறார். ஒன்றில் விற்றது இன்னொன்றின் கணக்கில் குறைய வேண்டும். அதற்கென மென்பொருள் இருக்கிறது. அது 15 நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கைச் சரிசெய்கிறது. சாதாரண நாளில் 15 நிமிடத்தில் ஒன்றிரண்டு விற்றால் பெரிது, பிரச்சினை வராது. சேல் தொடங்கிய முதல் 10 நிமிடத்திலேயே ஒரு தளத்தில் 29, மற்றதில் 18 ஆர்டர்கள் விழுகின்றன. மொத்தம் 47. இரண்டு தளங்களின் கண்ணுக்கும் எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால் 7 பேருக்கு மிக்ஸி கிடையாது.

அதோடும் முடியவில்லை. கிடங்கு ஊழியர் பட்டியலோடு போய் எடுக்கும்போது இரண்டு பெட்டிகளில் ஜார் உடைந்திருக்கிறது. திரும்பி வந்த ஒன்று வேறு அலமாரியில் கிடக்கிறது. கையில் கிடைப்பது 37-தான். ஆக, 10 பேருக்கு ரத்துச் செய்தி போகிறது. எத்தனை பெட்டி உண்மையில் இருக்கிறது என்பது அந்த ஊழியர் கைவைக்கும்போதுதான் தெரிகிறது. அதற்குள் உங்கள் பணம் போய் ஒன்றரை நாள் ஆகியிருக்கும்.

இதைத் தடுக்கவே முடியாதா?

பெருமளவு முடியும். 40 இருந்தால் ஒவ்வொரு தளத்திலும் 18 மட்டும் காட்டி, நாலைக் கையிருப்பாக வைத்தாலே போதும். சாதாரண நாட்களில் பலரும் கொஞ்சம் நிறுத்திவைத்துத்தான் காட்டுகிறார்கள். சேல் நாளில் ஒன்றுகூட விற்காமல் நின்றுவிடக் கூடாது என்று முழு எண்ணிக்கையையும் திறந்துவிடுகிறார்கள். இது தெரிந்தே எடுக்கும் முடிவு. அதன் நஷ்டத்தை வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். விற்பனையாளர் ரத்து செய்தால் தளத்தில் அவர் மதிப்பெண் குறையும். அதனால் சிலர் போன் செய்து, “ஸ்டாக் இல்லைங்க, நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, பணம் உடனே வந்துடும்” என்பார்கள். செய்யாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் அது உங்கள் விருப்பத்தால் நடந்ததாகவே பதிவாகும். பிறகு புகார் சொல்ல இடமிருக்காது.

பணம் எப்போது திரும்பும்?

பணம் பிடிக்கப்பட்டு ஆர்டரே உறுதியாகவில்லை என்றால் அது தோல்வியுற்ற பரிவர்த்தனை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, பணம் பிடிக்கப்பட்ட நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் ஆர்டர் உறுதியாகிப் பிறகு ரத்தானால் அது விற்பனையாளர் தரும் ரீஃபண்ட். இந்த 100 ரூபாய்க் கணக்கு அதற்குப் பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வங்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை. தளத்திடம் ரீஃபண்டுக்கான பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் கையில் இருந்தால்தான் வங்கியால் தேட முடியும். தளத்தின் வாலட்டில் போடுகிறோம் என்றால், பணம் போன வழியிலேயே திரும்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

அதே விலைக்குப் பொருளைக் கொடு என்று கேட்க முடியுமா?

கேட்கலாம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பொருளை அனுப்பும்போதுதான் ஆர்டர் ஏற்கப்பட்டதாக ஆகும் என்று பல தளங்கள் நிபந்தனையில் எழுதிவைத்திருக்கின்றன. ஆனால் இதை எல்லா நுகர்வோர் ஆணையங்களும் அப்படியே ஏற்பதில்லை. 2014-இல் 190 ரூபாய் என்று காட்டப்பட்ட லேப்டாப்பை ஆர்டர் செய்த மாணவருக்கு, உறுதிசெய்த பிறகு ரத்து செய்தது தவறு என்று ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அது விலைப் பிழை வழக்கு, ஸ்டாக் வழக்கல்ல. என்றாலும் உறுதிச் செய்திக்கு மதிப்பு உண்டு என்பதற்கு அதைக் காட்டலாம்.

ஸ்டாக் இல்லை என்று ரத்து செய்தவரே சில நாளில் அதே பொருளைக் கூடுதல் விலைக்குப் போட்டிருந்தால் உங்கள் புகார் வலுவாகும். அந்தப் பக்கத்தை விற்பனையாளர் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆர்டர் உறுதியான செய்தி, பணம் போன சான்று, ரத்துக்குச் சொன்ன காரணம் மூன்றையும் அதோடு சேர்த்துத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததைச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மனுவில் ரீஃபண்டோடு நிறுத்திவிடாமல், அதே மாடலை வேறிடத்தில் வாங்கியிருந்தால் அந்த பில்லை இணைத்து, கூடுதலாகக் கொடுத்த தொகையையும் கேளுங்கள்.