ஞாயிறு பிரியாணியும் திங்கட்கிழமை எடை மெஷினும்

போன செமஸ்டர்ல ஒரு திங்கட்கிழமை காலை. அசோக் பில்லர் பக்கத்துல நான் போற ஜிம்ல எடை மெஷின்ல ஏறி நின்னேன். 69.4 கிலோ. சனிக்கிழமை காலை அதே மெஷின்ல 68.1 காட்டுச்சு. நடுவுல நடந்தது ஒண்ணே ஒண்ணுதான்: ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி, ராத்திரி மிச்சம் இருந்த பிரியாணி.

பயந்துபோய் அன்னிக்கு காலை டிபன், மதிய சாப்பாடு ரெண்டையும் விட்டுட்டேன். மதியம் லேப்ல சால்டரிங் பண்ணும்போது கை நடுங்குச்சு. சாயந்திரம் பசி தாங்காம நாலு பரோட்டாவை உள்ள தள்ளினேன். அன்னிக்கு நான் பண்ண தப்பு ஞாயிறு சாப்பிட்ட பிரியாணி இல்ல, திங்கட்கிழமை பட்டினிதான். ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த 1.3 கிலோ. அந்த ஞாயிறு நான் சாப்பிட்டது சுமார் 2,900 கலோரி. எனக்கு ஒரு நாளைக்குத் தேவை 2,200. அப்போ அதிகமானது 700 கலோரி. உடம்புல ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி அதிகமா சாப்பிடணும். அந்தக் கணக்குப்படி எனக்குச் சேர்ந்திருக்கக்கூடிய கொழுப்பு அதிகபட்சம் 90 கிராம். அப்போ மீதி 1,200 கிராம் என்ன? பெரும்பாலும் தண்ணி. சோத்துல இருக்கிற கார்ப், தசையிலயும் கல்லீரல்லயும் கிளைகோஜனா சேரும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் கூடவே சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். பிரியாணியில இருக்கிற உப்பும் தண்ணியை நிறுத்தி வைக்கும். இதோட, இன்னும் செரிக்காம குடல்ல இருக்கிற சாப்பாட்டோட எடையும் சேரும். வியாழக்கிழமை மறுபடி பார்த்தப்போ 68.3. வந்த தண்ணி தானா போயிடுச்சு.

இப்போ அடுத்து வந்த ஒரு சாதாரண வாரத்துல நான் எழுதி வச்ச கணக்கைப் பாருங்க. இலக்கு தினமும் 2,200 கலோரி, 100 கிராம் புரோட்டீன்.

திங்கள்: 2,050 கலோரி, 95 கிராம்
செவ்வாய்: 2,150, 105
புதன்: 1,980, 90
வியாழன்: 2,250, 110
வெள்ளி: 2,100, 100
சனி: 2,350, 70
ஞாயிறு: 2,900, 115

ஒவ்வொரு நாளா பார்த்தா ரெண்டு நாள் ஃபெயில். சனிக்கிழமை வீட்டுல அசைவம் கிடையாது, அதனால புரோட்டீன் 30 கிராம் குறைஞ்சிருக்கு. ஞாயிறு கலோரி 32 சதவீதம் அதிகம். ஆனா வாரத்தைக் கூட்டி ஏழால வகுத்தா 2,254 கலோரி, 98 கிராம் புரோட்டீன். ரெண்டுமே இலக்குல இருந்து 3 சதவீதத்துக்குள்ள. பட்டினி கிடந்து சரிபண்ண எதுவுமே இல்ல. மத்த நாள்ல சாதாரணமா கொஞ்சம் குறைச்சு சாப்பிட்டதே ஞாயிறை ஓரளவு ஈடு பண்ணிடுச்சு.

உடம்பும் இப்படித்தான் கணக்கு வைக்குது. 1955ல எட்ஹோம், விட்டோவ்சன் உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 12 ராணுவப் பயிற்சி மாணவர்களை ரெண்டு வாரம் பின்தொடர்ந்து, சாப்பிட்டதையும் செலவழிச்சதையும் அளந்தாங்க. ஒரே நாள்ல சாப்பிட்டதுக்கும் செலவழிச்சதுக்கும் சம்பந்தமே தெரியல. ரெண்டு வார சராசரி எடுத்தப்போ ரெண்டும் நல்லாவே பொருந்துச்சு. சாதாரணமா சாப்பிடுற ஒருத்தரோட தினசரி கலோரியே 20 முதல் 25 சதவீதம் வரை ஏறி இறங்கும். நம்ம பாஷையில சொன்னா, ஒரு நாள் ரீடிங் நாய்ஸ். சிக்னல் வேணும்னா மூவிங் ஆவரேஜ் போடணும்.

சரி, எவ்வளவு ஏத்த இறக்கம் பரவாயில்ல? மூணு மேக்ரோவுக்கும் ஒரே பதில் கிடையாது. கார்பும் ஃபேட்டும் ரொம்ப இடம் கொடுக்கும். ஒரு நாள் ஒண்ணு கூடி இன்னொண்ணு குறைஞ்சா, மொத்த கலோரி வாரத்துல சரியா இருக்கிற வரைக்கும் கவலை இல்ல. கார்ப் ரொம்பக் குறைஞ்ச மறுநாள் ஸ்குவாட் போடும்போது கால் கனமா இருக்கும், அவ்வளவுதான். புரோட்டீன் கொஞ்சம் கறார். கொழுப்பு மாதிரி அதைச் சேமிச்சு வைக்க உடம்புல தனி கிடங்கு இல்ல. அதனால திங்கள்ல இருந்து சனி வரை 60 கிராம் சாப்பிட்டு, ஞாயிறு 340 கிராம் சாப்பிட்டு சராசரி 100னு சொல்ல முடியாது. என் விதி: எந்த நாளும் இலக்குல 70 சதவீதத்துக்குக் கீழ போகக்கூடாது, அந்த மாதிரி நாள் தொடர்ந்து ரெண்டு வரக்கூடாது. சனிக்கிழமை 70 கிராம் அந்த எல்லையில நிக்குது. இப்போ அன்னிக்கு ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல் சேர்த்துக்கறேன், பத்து கிராமுக்கு மேல கிடைக்குது.

கலோரிக்கு, தினமும் 20 சதவீதம் மேல கீழ போகலாம், வாரத்துல ஒரு நாள் 30 வரைகூட. வார சராசரி மட்டும் 5 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும்.

ஆனா இந்தச் சராசரி உங்களை ஏமாத்துற ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, வீக்எண்ட். எடை குறைக்க வார நாள் அஞ்சுலயும் 400 கலோரி குறைச்சா மொத்தம் 2,000 குறையும். சனி ஞாயிறு ரெண்டு நாளும் ஆயிரம் ஆயிரம் கூடினா கணக்கு பூஜ்யம். "அஞ்சு நாள் ஒழுங்கா இருந்தேனே, ஏன் குறையல?"ங்கிற கேள்விக்கு பதில் பெரும்பாலும் இதுதான். ஒரு நாளை மன்னிக்கிற அதே சராசரி, அஞ்சு நாள் உழைப்பையும் அழிச்சிடும்.

ரெண்டாவது, எழுதாம விட்டது. ரேண்டம் பிழை சராசரி எடுத்தா சுருங்கும், பயஸ் சுருங்காது. தாளிப்புலயும் தோசைக்கல்லுலயும் போற எண்ணெய் ரெண்டு டேபிள்ஸ்பூனை நீங்க எழுதலன்னா தினமும் சுமார் 240 கலோரி விடுபடுது. ஏழு நாள் சராசரியிலும் அதே 240 விடுபடும். இதைக் கண்டுபிடிக்க காலை எடையோட வார சராசரியைப் பாருங்க:

```
=AVERAGE(B2:B8)
```

லாக் "சரியா இருக்கு"ன்னு சொல்லியும் இந்த எண் மூணு நாலு வாரம் தொடர்ந்து ஏறினா, தப்பு லாக்ல இருக்கு.

கடைசியா ஒரு எல்லை. இந்தியப் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே, ஒருத்தரோட சாப்பாடு வாரத்துக்கு வாரம்கூட மாறும், உடம்பு அதைச் சமாளிச்சுக்கும்னு வாதாடினார். சேலத்துல பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் அந்த வாதத்தைக் கடுமையா எதிர்த்தார். ஏறி இறங்குறது வேற, எப்பவுமே குறைவா சாப்பிடுறது வேற. சராசரியே குறைவா இருந்தா உடம்பு சமாளிக்கறதா நினைக்கிறது ஏமாத்துதான். அதே மாதிரி சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுறவங்களுக்கும் சிறுநீரகப் பிரச்சனை இருக்கிறவங்களுக்கும் ஒவ்வொரு வேளையும் முக்கியம். அவங்க டாக்டர் சொல்றபடிதான் போகணும்.

மத்தவங்க திங்கட்கிழமை எடை மெஷின் பக்கமே போகாதீங்க. போனாலும் அன்னிக்கு இட்லியை விடாதீங்க.