நடுராத்திரி டிகிரி காபி எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தீபாவளிக்கு முந்தின நாள் ஆபீஸ் முடித்து, ராத்திரி 10 மணிக்குக் காரை எடுத்தால் விடியும்போது திருநெல்வேலி. ஏறக்குறைய 600 கிலோமீட்டர். குடும்பத்தில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. “வழியில் எத்தனை காபி, எங்கெங்கே?” என்பது கேள்வி. டீசல் போடுகிற மாதிரி கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு டிகிரி காபி போர்டு தொங்கும் ஊரில் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

காபி தெம்பு தருகிறது என்பது தப்பு. அது எதையும் தருவதில்லை. நாள் முழுக்க விழித்திருக்கும் மூளை ஏ.டி.பி.யைச் செலவழிக்கச் செலவழிக்க, அதன் மிச்சமாக அடினோசின் என்ற சரக்கு செல்களுக்கு வெளியே சேர்கிறது. நரம்பு செல்லின் மேலிருக்கும் ஏற்பிகளில் அது போய் உட்கார உட்கார, கண் சொக்குகிறது. காஃபீனுக்கும் அதே ஏற்பியில் பொருந்துகிற வடிவம். உட்காரும், ஆனால் அடினோசின் செய்கிற வேலையைச் செய்யாது.

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். சீட்டில் துண்டு கிடக்கும், ஆள் இருக்காது. ஏறி வந்த அடினோசின் பயணி உட்கார இடமில்லாமல் நிற்பார். கவனிக்க வேண்டியது, அவர் இறங்கிப் போய்விடவில்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் இன்னும் நாலு பேர் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள், ஏனென்றால் நீங்கள் இன்னும் விழித்திருக்கிறீர்கள். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் கண்டக்டர் கல்லீரல். நிதானமான ஆள், பாதித் துண்டுகளை அகற்றவே அவருக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சிகரெட் பிடிப்பவர் உடம்பில் அவர் வேகமாக வேலை செய்வார், கர்ப்பிணிகளுக்கு மிகவும் மெதுவாக. இருக்கை காலியாகக் காலியாக, நின்றுகொண்டிருந்த கூட்டம் உட்காருகிறது. தினமும் காபி குடிப்பவர் வண்டியில் கூடுதல் சீட்டே போட்டுவிடுவார்கள் போல என்று எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. உவமையை இதற்கு மேல் ஓட்டினால் டயர் வெடிக்கும்.

வரலாறு ஒரு வாய்தான். காஃபீனை 1819-ல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானியர் ரூங்கே. அது அடினோசினின் இடத்தைப் பிடிப்பதால்தான் விழிக்க வைக்கிறது என்று 1981 வாக்கில் ஸ்னைடர் குழுவினர் காட்டினார்கள். நடுவில் 160 வருடம் காரணம் தெரியாமலே குடித்தோம்.

சரி, எவ்வளவு நேரம்? பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரெய்னர், ஹார்ன் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தக் கேள்விக்கு நேராக வருகிறது. அதிகாலையில், காரோட்டும் சிமுலேட்டரில் இளைஞர்களை உட்கார வைத்தார்கள். முன்னதாக 200 மில்லிகிராம் காஃபீன். முந்தின இரவு 5 மணி நேரம் மட்டும் தூங்கியவர்களுக்கு அது சுமார் 2 மணி நேரம் கைகொடுத்தது. ஒரு பொட்டுக்கூடத் தூங்காதவர்களுக்கு? அரை மணி நேரம். அதே காபி, அதே அளவு. பஸ் நிரம்பி வழியும்போது நாலு துண்டு என்ன செய்யும்? ஆட்கள் சிலர்தான், சிமுலேட்டர்தான் என்று குறை சொல்லலாம். ஆனாலும் “காபி ஐந்து மணி நேரம் வேலை செய்யும்” என்று சொல்பவர்கள் ரத்தத்தில் இருக்கும் நேரத்தையும் விழிப்பு இருக்கும் நேரத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது இதில் தெளிவு.

அந்த 200 மில்லிகிராமையும் பார்த்துவிடுவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்ன கணக்குப்படி, 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன், இன்ஸ்டன்ட்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. நம் கடை டபராவில் பாதிக்கு மேல் பால், டிகாஷனில் சிக்கரி. காபி–சிக்கரி கலவைப் பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும் என்பதுதான் விதி. சிக்கரியில் காஃபீனே கிடையாது. ஆக, ஆய்வில் கொடுத்த அளவை எட்ட இரண்டு டம்ளராவது வேண்டும், மூன்றும் ஆகலாம். மொத்தத்தில் ஒரு நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது அதே நிறுவனம். ஆபீஸில் குடித்ததும் அந்தக் கணக்கில்தான் வரும். இனிப்பு தூக்கலாக ஒரு டீ அடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றால், அதே லஃப்பரோக்காரர்கள் சர்க்கரை மிகுந்து காஃபீன் குறைந்த பானத்தையும் சோதித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கம் கூடத்தான் செய்தது. ஜன்னலைத் திறப்பது, ராஜா பாட்டைச் சத்தமாக வைப்பது இரண்டும் சில நிமிடங்களுக்குத்தான்.

காபி குடித்தவுடன் வேலை செய்யாது, உச்சம் வர அரை மணி முதல் ஒரு மணி ஆகும். இந்த இடைவெளியில்தான் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. காபியைக் குடித்த கையோடு 15 நிமிடம் கண்ணை மூடுவது. காஃபீன் வரும் வழியில் தூக்கம் தன் பங்கைச் செய்துவிடும். இரண்டும் சேர்ந்தது வெறும் காபியைவிட மேல் என்று 1997-லேயே பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் அடினோசின் துடைத்து எடுக்கப்படுகிறது என்று அளந்து பார்த்த மாதிரி எழுதுபவர்களை நம்ப வேண்டாம். 20 நிமிடத்துக்கு மேல் போனால் எழுந்ததும் மந்தமாக இருக்கும், அதனால் அலாரம் அவசியம்.

இனி தாம்பரம் வாசகரின் இரவு. காலை 6 மணிக்கு எழுந்தவர். பண்டிகை நெரிசலில் செங்கல்பட்டு தாண்டி, உளுந்தூர்பேட்டை வரும்போது மணி 1 ஆகியிருக்கும். 19 மணி நேர விழிப்பு. காபி இங்கேதான், விக்கிரவாண்டியில் அவசரப்பட்டு அல்ல. இரண்டு டம்ளர், சர்க்கரை கம்மி. வெளிச்சமான பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை விரலளவு இறக்கி, 15 நிமிடம். முகம் கழுவிக் கொஞ்சம் நடந்து கிளம்பினால் 3 மணிக்குப் பிறகு திருச்சி. இரண்டு மணி நேரக் கணக்கு அங்கேயே முடிகிறது. உடம்பின் கடிகாரம் ஆழத்தில் கிடக்கும் நேரமும் அதுதான், அந்தக் கடிகாரத்தைத் துண்டு போட்டு நிறுத்த முடியாது.

திருச்சியில் மறுபடி இரண்டு டம்ளர் போட்டால் மதுரை போகாதா என்பார். போகலாம், போகாமலும் இருக்கலாம். கடந்துபோன போர்டு நினைவில்லை, கண்ணை அகட்டி அகட்டி விழிக்க வேண்டியிருக்கிறது, ஓரக்கோட்டில் டயர் கடகடக்கிறது என்றால் அது காபிக்கான அறிகுறி இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி கண்ணயர்ந்தால் வண்டி 67 மீட்டர் தானாகப் போகிறது. ரெய்னர், ஹார்ன் சோதனைகளில் தூக்கத்தில் தடம் மாறியவர்கள் எல்லோரும் அதற்கு வெகு முன்பே தூக்கத்தோடு மல்லுக்கட்டுவதை உணர்ந்திருந்தார்கள். எனவே திருச்சியில் ஒரு லாட்ஜில் நாலு மணி நேரம் படுப்பதுதான் என் பதில். மதியச் சாப்பாட்டுக்குத் திருநெல்வேலி.

கடிதத்தின் அடியில் இன்னொரு வரி: ஊருக்குப் போனதும் நன்றாகத் தூங்கிக்கொள்ளலாம்தானே? லாட்ஜை விட்டுவிட்டு மூன்று மணி வாக்கில் திருச்சியில் மறுபடி குடித்தால், அதில் பாதி காலை 8 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். அந்நேரத்துக்கு மாமியார் வீட்டுப் பாயில் புரண்டுகொண்டிருப்பார். வெளியே வெடி வேறு.