பாட்டியின் குடையைச் சிவப்பாக்குவது எப்படி?

‘கடற்கரையில் குடை பிடித்து நிற்கும் பாட்டி’ என்று எழுதிக் கொடுத்தால் கணினி ஒரு படம் வரைந்து தருகிறது. நம் வீட்டுப் பாட்டியின் புகைப்படத்தைக் கொடுத்து, ‘கறுப்புக் குடையைச் சிவப்பாக்கு’ என்றாலும் செய்கிறது. இரண்டு வேலையையும் ஒரே மென்பொருள் செய்யலாம். எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் வேறுபாடு.

2022இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பார்ப்போம். புதுப் படம் வரையும்போது அதன் முன் முதலில் இருப்பது வெறும் இரைச்சல். சிக்னல் போன பழைய டிவியில் தெரியுமே, அந்தப் புள்ளிக் கூட்டம் மாதிரி. படத்தில் கலந்திருக்கும் இரைச்சல் எது என்று ஊகிக்கப் பழக்கப்பட்ட நிரல் அது. நாம் எழுதிய வரியைத் துணையாகக் கொண்டு, சுமார் 50 படிகளில் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்குகிறது. கடல் எங்கே, ஆள் எங்கே என்பதெல்லாம் முதல் சில படிகளிலேயே முடிவாகிவிடும். கண்ணும் சுருக்கங்களும் கடைசியில் வரும். தொடக்க இரைச்சலை மாற்றினால் வேறொரு பாட்டி வருவார். யாருக்கும் பாட்டியாக இல்லாத பாட்டி.

புகைப்படத்தை மாற்றும் எளிய வழியில், அந்தப் படத்தின் மேலேயே இரைச்சல் தூவி, பாதி வழியில் நிரலிடம் ஒப்படைக்கிறார்கள். இரைச்சல் முதலில் நுண்ணிய விவரங்களை விழுங்கும். பெரிய வடிவங்கள் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். எவ்வளவு தூவுவது என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண் சொல்கிறது. 0.3 என்றால் 50 படிகளில் கடைசி 15 மட்டும் ஓடும்: பாட்டி பாட்டியாகவே இருப்பார், ஆனால் குடையும் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். 0.8 என்றால் 40 படிகள்: குடை சிவக்கும், முகம் வேறு யாருடையதோ ஆகிவிடும். இந்த எண்ணை எப்படித் திருகினாலும் சிக்கல் தீராது. அது படம் முழுவதற்கும் பொதுவானது. நமக்கோ குடை மட்டும்தான் மாற வேண்டும்.

அதனால் குடையைச் சுற்றி ஒரு முகமூடி வரைகிறார்கள். ஒவ்வொரு படியிலும் முகமூடிக்கு வெளியே அசல் படத்தின் பகுதியே, அந்தப் படிக்குரிய இரைச்சலோடு, திரும்ப வைக்கப்படுகிறது. நிரலின் கற்பனைக்குக் குடை மட்டும் மிஞ்சுகிறது.

இதிலும் ஒரு பொறி உண்டு. வேலை எளிதாக, இந்த மென்பொருள் படத்தைச் சுருக்கிக்கொண்டுதான் தொடங்குகிறது: 8க்கு 8 கட்டத்தில் இருக்கும் 64 புள்ளிகளின் 192 நிற எண்கள் வெறும் 4 எண்களாகின்றன. திரும்ப விரிக்கும்போது, நாம் தொடாத இடத்திலும் தூரத்து முகங்களும் பெயர்ப்பலகை எழுத்துகளும் லேசாகக் கோணிவிடும். வெறும் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கழித்துப் பாருங்கள். மாறாத இடம் முழுக் கறுப்பாகத் தெரியும், மாறிய இடம் மினுங்கும். முகத்தருகே மினுங்கினால், முகமூடிக்கு வெளியே அசல் புள்ளிகளையே வெட்டி ஒட்டி, குடையின் விளிம்பை மட்டும் மென்மையாகக் கலந்துவிடுவார்கள்.