பின்னுக்குப் பக்கத்தில் ஏன் அறுகிறது?

ஹெட்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடகரின் குரல் மங்கி, பின்னணி வாத்தியங்கள் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், பாட்டின் மேல் குற்றமில்லை. இரண்டு காதுக்கும் பொதுவாக வரும் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. திரும்பிப் போகும் அந்தப் பாதை இல்லாததால், மின்சாரம் இடது ஸ்பீக்கருக்குள் நுழைந்து வலது ஸ்பீக்கர் வழியாக வெளியேறுகிறது. இரு பக்கமும் ஒரே அளவில் பதிவான ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. குரலைப் பெரும்பாலும் அப்படித்தான் பதிவு செய்கிறார்கள், அதனால் முதலில் காணாமல் போவது அதுதான்.

அறுந்த இடம் பெரும்பாலும் பின்னிலிருந்து ஓரிரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஒயரின் நடுப்பகுதியை வளைத்தால் அந்த வளைவு நீளமாகப் பரவிக்கொள்ளும். பின்னின் உடல் வளையாது. அது முடிந்து ஒயர் தொடங்கும் ஒரே புள்ளியில் முழு வளைவும் வந்து விழுகிறது. போனைச் சட்டைப்பையில் போட்டபடி நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் அந்த இடம் கொஞ்சம் மடங்கி நிமிர்கிறது. பின்னின் கழுத்தில் வெட்டு வெட்டாக இருக்கும் ரப்பர் அழகுக்காக வைத்ததல்ல. விறைப்பைப் படிப்படியாகக் குறைத்து வளைவைப் பரப்புவதுதான் அதன் வேலை. பல மலிவான ஹெட்போன்களில் அந்த ரப்பரே கல்மாதிரி இருக்கும். அப்போது அறுபடும் இடம் ரப்பரின் நுனிக்கு நகர்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சிறு கணக்கில் பார்க்கலாம். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு இழை ஒன்று 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். இழையின் பாதித் தடிமனை ஆரத்தால் வகுத்தால், அதன் வெளிப்புறம் எவ்வளவு நீள்கிறது என்பது கிடைக்கும். இங்கே அது 1 சதவீதம். கேட்க அற்பமாக இருந்தாலும், செம்பு தாங்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய நீட்சி இதைவிட மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு மடக்கலும் உலோகத்தைக் கொஞ்சம் இறுகச் செய்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலை வளர்க்கிறது. ஓர் இழை போனதும் சுமை மற்ற இழைகள் மேல் ஏறுகிறது. மேலுறை ரப்பர் மட்டும் முழுசாக இருக்கும். அறுந்த நுனிகள் அதற்குள் தொட்டும் விலகியும் நிற்பதால்தான் அந்தக் கரகரப்பு. ஒயரை ஒரு பக்கமாகப் பிடித்தால் பாட்டு திரும்ப வருவதும் அதனால்தான்.

டின்சல் ஒயர் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. நடுவில் நைலான், பாலியெஸ்டர் அல்லது அராமிட் நூல். அதன்மேல் தட்டையாக்கிய செம்பு நாடா சுருள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். பட்டுச்சேலைச் சரிகையின் கட்டுமானமும் இதேதான்: நூலின்மேல் தட்டிய உலோக இழை. இழுப்பை நூல் ஏற்றுக்கொள்கிறது, செம்புக்கு மின்சாரத்தைக் கடத்தும் வேலை மட்டும். நாடாவின் தடிமன் 0.02 மில்லிமீட்டர் என்றால், மேலே போட்ட அதே கணக்கில் நீட்சி 0.2 சதவீதமாகக் குறைகிறது. அதிலும் வளையும்போது சுருள்களுக்கு இடையிலுள்ள இடைவெளி திறந்து மூடுவதால், நாடா உண்மையில் நீள்வது இன்னும் குறைவு. பழைய தொலைபேசியின் ரிசீவர் ஒயரிலும், ஒலிபெருக்கியின் கூம்போடு சேர்ந்து ஓயாமல் அதிரும் இணைப்பு ஒயரிலும் டின்சலை வைத்தது இதனால்தான்.

அப்படியானால் எல்லா ஒயரையும் இப்படியே செய்யலாமே? டின்சலில் உலோகம் குறைவு, மின்தடை கூடுதல். ஹெட்போனுக்குத் தேவைப்படும் சொற்ப மின்சாரத்துக்கு அது பொருட்டில்லை. இஸ்திரிப் பெட்டிக்கு ஆகாது. ஈயம் வைப்பதும் தொல்லை.

மெல்லிய ஒயரெல்லாம் டின்சல் என்றும் நினைக்க வேண்டாம். உறையைச் சீவிப் பார்த்தால் தெரிந்துவிடும். நூலிலிருந்து நாடா ஸ்பிரிங் போலப் பிரிந்து வந்தால் டின்சல். சிவப்பு, பச்சை நிறத்தில் முடிபோன்ற இழைகள் வெள்ளை நூலுக்குப் பக்கத்தில் கிடந்தால், அது எனாமல் பூசிய சாதாரணச் செம்பு. இழுத்தால் தாங்கும், வளைத்தால் மேலே சொன்ன கணக்குதான்.

பழுதை உறுதிசெய்ய ஒரு மல்டிமீட்டர் போதும். மைக் இல்லாத 32 ஓம் ஹெட்போன் என்று கொள்வோம். பின்னின் நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலதுக்கு, அடிப்பகுதி பொது. நுனிக்கும் அடிக்கும் இடையே சுமார் 32 காட்ட வேண்டும், வளையத்துக்கும் அடிக்கும் அதே அளவு. இரண்டிலும் ஒன்றும் காட்டாமல், நுனிக்கும் வளையத்துக்கும் இடையே மட்டும் சுமார் 64 வந்தால், போனது பொது ஒயர். அளக்கும்போதே பின்னின் கழுத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் முறிவு அங்கேதான்.

அந்த இடத்துக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, நல்ல பகுதியில் வெட்டிப் புதுப் பின் போடலாம். எனாமல் இழையில் பூச்சைச் சூட்டால் எரித்தோ சுரண்டியோ எடுத்தால்தான் ஈயம் ஒட்டும். டின்சலில் சூடு அதிகமானால் நைலான் நூல் உருகி, நாடாவைத் தாங்க ஆளில்லாமல் போகும். அதன் முனையில் மெல்லிய செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றி, ஒரு நொடிக்குள் ஈயம் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ஈயத்தைத் தவிர்த்துவிட்டு, சிறு உலோகப் பிடியால் நசுக்கிப் பிடித்துவிடுகிறார்கள்.